கோஸ்டிங் வசதியுள்ள காரில் எரிபொருளை உண்மையில் மிச்சப்படுத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

தானியங்கி கியர் கொண்ட சில கார்களில், ஓட்டத்தின் நடுவே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் இன்ஜின் சக்கரங்களிலிருந்து தானாகவே துண்டிக்கப்படுகிறது. கார் ஏற்கெனவே பெற்ற வேகத்தைக் கொண்டே தொடர்ந்து ஓடுகிறது. இதைச் சில நிறுவனங்கள் கோஸ்டிங் என்றும், சில நிறுவனங்கள் செய்லிங் என்றும் குறிப்பிடுகின்றன. இந்த வசதியுள்ள காரைப் புதிதாக வாங்கியவர்களில் ஒரு சாரார் அதை எப்போதும் இயக்கத்தில் வைத்துவிட்டு மைலேஜ் ஏறவில்லை என்று குறைபட்டுக்கொள்வதையும், மற்றொரு சாரார் கார் பிடிமானமின்றி ஓடுகிறது என்று அஞ்சி அதை அணைத்துவிடுவதையும் பலமுறை பார்த்திருக்கிறேன். எங்கே இன்ஜினைத் துண்டிக்க வேண்டும், எங்கே அதைக் கியரிலேயே வைத்திருக்க வேண்டும் என்ற கணக்கு தெரிந்துவிட்டால் இரு சாராரின் சிக்கலும் தீர்ந்துவிடும். கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்வது நல்லது, ஏனெனில் நான்காம் படியில் அளக்கும் எண்கள் இல்லாமல் அதற்குப் பின் வருபவை வெறும் ஊகமாகிவிடும்.

1. உங்கள் காரில் இருப்பது எந்த வகை என்று உறுதிசெய்தல்

கோஸ்டிங்கில் இரண்டு வகைகள் உள்ளன. முதல் வகையில் கிளட்ச் மட்டும் விலகுகிறது, இன்ஜின் ஐட்லிங் வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கிறது. இரண்டாம் வகையில் கிளட்ச் விலகிய பின் இன்ஜினும் முழுவதுமாக நின்றுவிடுகிறது.

இரண்டாம் வகைக்குக் காரில் கூடுதல் உறுப்புகள் தேவைப்படுகின்றன. இன்ஜின் நின்றிருக்கும்போதும் ஸ்டீயரிங்குக்கும் பிரேக்குக்கும் உதவி கிடைக்க வேண்டும், விளக்குகள் மங்கக் கூடாது, ஆக்சிலரேட்டரைத் தொட்டவுடன் இன்ஜின் அதிர்வின்றி உயிர்பெற வேண்டும். அதனால்தான் இந்த வகைக் கார்களில் 48 வோல்ட் மின்னமைப்போ கூடுதல் பேட்டரியோ இருக்கிறது. எடுத்துக்காட்டாக, 2017இல் வந்த ஆடி ஏ8 கார் தன் 48 வோல்ட் அமைப்பின் துணையோடு, மணிக்கு 55 முதல் 160 கி.மீ. வரையிலான வேகத்தில் 40 விநாடி வரை இன்ஜினை நிறுத்தி ஓடக்கூடியது.

எந்த வகை என்பதை ஆர்பிஎம் முள்ளே சொல்லிவிடும். சமதளத்தில் சீராக ஓடும்போது காலை மெதுவாக எடுங்கள். முள் 700 அல்லது 800க்கு இறங்கி நின்றால் முதல் வகை. பூஜ்யத்துக்கே போனால் இரண்டாம் வகை. 1500க்கு மேல் இருந்துகொண்டு, வேகம் குறையக் குறைய அதுவும் சேர்ந்து இறங்கினால் இன்ஜின் இன்னும் சக்கரங்களோடு இணைந்தே இருக்கிறது, கோஸ்டிங் நடக்கவேயில்லை.

2. கியரில் இருந்தாலும் எரிபொருள் நிற்கிறது என்பதை மனத்தில் கொள்ளுதல்

புதியவர்கள் தடுமாறும் முதல் இடம் இதுதான். எரிபொருளைக் கணினி வழியே செலுத்தும் இன்றைய இன்ஜின்களில், கியரில் ஓடும்போது காலை முழுவதுமாக எடுத்தால் இன்ஜெக்டர்கள் எரிபொருளை அறவே நிறுத்திவிடுகின்றன. சக்கரங்களே இன்ஜினைச் சுழற்றுவதால் அது அணையாமல் இருக்க எரிபொருள் தேவைப்படுவதில்லை. ஆர்பிஎம் ஐட்லிங் வேகத்துக்கு அருகே இறங்கும்போதுதான் எரிபொருள் மீண்டும் பாயத் தொடங்குகிறது.

ஆகவே, கியரில் கால் எடுத்தால் செலவு பூஜ்யம். முதல் வகைக் கோஸ்டிங்கில் ஐட்லிங் செலவு உண்டு. இதை மட்டும் பார்ப்பவர்கள் கோஸ்டிங் வீண் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அவர்கள் கணக்கில் விடுபடுவது தூரம். இன்ஜினைச் சுழற்றும் வேலையை யாரோ செய்தாக வேண்டும். அதைக் காரின் வேகம் செய்கிறது. உராய்வையும் காற்றை உறிஞ்சித் தள்ளும் சுமையையும் தாங்கிக்கொண்டு இன்ஜினைச் சுழற்றுவதால் கார் சீக்கிரமே வேகம் குறைகிறது. கிளட்ச் விலகியிருந்தால் அந்தச் சுமை இல்லை. அதே வேகத்தைக் கொண்டு கார் இன்னும் நெடுந்தூரம் செல்கிறது. ஐட்லிங்குக்குக் கொடுக்கும் சிறு செலவு, அந்தக் கூடுதல் தூரத்தை ஓட்டிக் கடக்க ஆகும் செலவைவிடக் குறைவா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

3. காரை அமைத்தலும் கால் எடுக்கும் முறையும்

பல கார்களில் கோஸ்டிங் வசதி Eco என்ற ஓட்டமுறையில்தான் இயங்கும். கியர் நெம்புகோல் D நிலையில் இருக்க வேண்டும். S நிலையிலும் கையால் கியர் மாற்றும் நிலையிலும் அது இயங்காது. இன்ஜின் சூடாகும் முன்னும், பேட்டரியில் மின்னேற்றம் குறைந்திருக்கும்போதும், செங்குத்தான சரிவிலும் கார் தானாகவே அதைத் தவிர்க்கும். இவற்றில் எது உங்கள் காருக்குப் பொருந்தும் என்பதையும், கோஸ்டிங் எந்த வேகத்துக்கு மேல் தொடங்கும் என்பதையும் காரோடு வந்த கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கால் எடுக்கும் விதமும் முக்கியம். பல கார்களில் காலை மெதுவாக விலக்கினால் ஓட்டுநர் தூரத்தை விரும்புகிறார் என்றும், சட்டென்று எடுத்தால் வேகத்தைக் குறைக்க விரும்புகிறார் என்றும் கணினி எடுத்துக்கொள்கிறது. சட்டென்று எடுத்துப் பழகியவர்களுடைய காரில் இந்த வசதி மாதக்கணக்கில் ஒருமுறைகூட இயங்காமல் இருந்ததுண்டு. அவர்களும் அதன் மைலேஜைப் பற்றிக் கருத்துச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். ஒன்றரை அல்லது இரண்டு விநாடி எடுத்துக்கொண்டு பாதத்தை விலக்கி, ஆர்பிஎம் முள் இறங்குவதைப் பாருங்கள்.

கோஸ்டிங்கிலிருந்து வெளிவரும் வழிகளையும் இப்போதே பழகிக்கொள்ள வேண்டும். ஆக்சிலரேட்டரைத் தொட்டாலும், பிரேக்கை அழுத்தினாலும், ஸ்டீயரிங்குக்குப் பின்னாலுள்ள கியர் துடுப்பை இழுத்தாலும் பொதுவாகக் கிளட்ச் மீண்டும் இணையும். இவற்றுள் துடுப்பே மிகப் பயனுள்ளது. பிரேக்கில் சக்தியை வீணாக்காமல் இன்ஜினை மட்டும் இணைக்க அது உதவுகிறது.

4. இரண்டு தூரங்களை அளத்தல்

போக்குவரத்து இல்லாத, நேரான, சமதளச் சாலை ஒன்றும், கைப்பேசியில் விநாடிகளை அளக்கப் பக்கத்தில் ஒருவரும் வேண்டும். இன்ஜின் நன்றாகச் சூடாகியிருக்க வேண்டும். டயர்களில் சரியான காற்றழுத்தம் இருக்க வேண்டும்.

மணிக்கு 80 கி.மீ.க்குச் சற்று மேல் சென்று காலை மெதுவாக எடுங்கள். வேகம் 80ஐத் தொடும்போது தொடங்கி, 60ஐத் தொடும் வரை எத்தனை விநாடிகள் என்று அருகிலிருப்பவர் குறித்துக்கொள்ளட்டும். பிறகு கையால் கியர் மாற்றும் நிலைக்கு மாறி, உச்ச கியரில் வைத்துக்கொண்டு அதையே திரும்பச் செய்யுங்கள். இரண்டு அளவைகளையும் சாலையின் இரு திசைகளிலும் எடுத்துச் சராசரி காண வேண்டும். காற்றும் கண்ணுக்குத் தெரியாத சரிவும் ஒரு திசையில் எடுத்த எண்ணைக் கெடுத்துவிடும்.

80க்கும் 60க்கும் இடைப்பட்ட சராசரி வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 19.4 மீட்டர். விநாடிகளை இதனால் பெருக்கினால் தூரம் கிடைக்கும். 1200 கிலோ எடையுள்ள, ஒன்றரை லிட்டர் பெட்ரோல் இன்ஜின் கொண்ட ஒரு காருக்கு இயற்பியல் கணக்கின்படி கோஸ்டிங்கில் சுமார் 25 விநாடியும் 490 மீட்டரும், கியரில் சுமார் 15 விநாடியும் 300 மீட்டரும் வரும். உங்கள் எண்கள் வேறாக இருக்கலாம், ஆனால் விகிதம் இதையொட்டியே இருக்கும். இனி வரும் படிகளில் இந்த 490, 300 என்ற எண்களையே பயன்படுத்துகிறேன். அவற்றின் இடத்தில் உங்களுடையவற்றைப் போட்டுக்கொள்ளுங்கள்.

5. ஒரு சூழலை முழுமையாகக் கணக்கிட்டுப் பார்த்தல்

80இல் போய்க்கொண்டிருக்கிறீர்கள். 490 மீட்டர் தொலைவில் வேக வரம்பு 60 ஆகக் குறையும் பலகை கண்ணில் படுகிறது. உங்களுக்கு மூன்று வழிகள் உள்ளன.

முதல் வழி, கோஸ்டிங் வசதியில்லாத கார் செய்வது: இன்னும் 190 மீட்டர் 80இல் ஓட்டிவிட்டு, கடைசி 300 மீட்டருக்குக் கியரில் கால் எடுப்பது. சீரான 80இல் இந்தக் கார் 100 கி.மீ.க்கு 4.5 லிட்டர் குடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், 190 மீட்டருக்கு சுமார் 8.5 மி.லி. செலவாகும். கால் எடுத்த 300 மீட்டருக்குச் செலவில்லை.

இரண்டாம் வழி, பலகையைப் பார்த்தவுடன் கால் எடுத்து இன்ஜின் ஐட்லிங்கில் ஓடக் கோஸ்டிங் செய்வது. சூடான சிறிய பெட்ரோல் இன்ஜின் ஐட்லிங்கில் மணிக்கு சுமார் 0.7 லிட்டர் எடுக்கிறது. 25 விநாடிக்கு அது 5 மி.லி.க்குச் சற்றுக் குறைவு.

மூன்றாம் வழி, இன்ஜினை நிறுத்திய கோஸ்டிங். அந்த 25 விநாடிக்கு எரிபொருள் பூஜ்யம் என்று திரை காட்டும். அது முழு உண்மையன்று. ஸ்டீயரிங், விளக்குகள், கணினிகள், மின்விசிறி எல்லாம் பேட்டரியிலிருந்து எடுத்த மின்சாரத்தைப் பின்னர் திருப்பிக் கொடுக்க வேண்டும், இன்ஜினை மீண்டும் கிளப்பவும் வேண்டும். இவற்றுக்கு ஒன்றிரண்டு மி.லி. என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆக, ஒரே தூரம், ஏறத்தாழ ஒரே நேரம், செலவு மட்டும் 8.5, 5, 2 என்று இறங்குகிறது. நேரம் ஏன் மாறவில்லை என்று சிலர் வியக்கிறார்கள்: முதல் வழியில் 190 மீட்டரைக் கடக்க எட்டரை விநாடி, பிறகு 15 விநாடி, மொத்தம் 24 விநாடிக்குள். கோஸ்டிங்கில் 25. பின்னால் வருபவர்கள் எரிச்சலடையும் அளவுக்கு நீங்கள் தாமதிக்கவில்லை.

இப்போது அதே பலகை 250 மீட்டரில்தான் தெரிகிறது என்று கொள்ளுங்கள், வளைவைத் தாண்டியவுடன் அது எதிர்ப்படுகிறது. இங்கே கணக்கு தலைகீழாகிறது. கோஸ்டிங் செய்தால் கார் வேகம் போதுமான அளவு குறையாது. மீதியைப் பிரேக்கில் சூடாக்கித் தொலைக்க வேண்டும், ஐட்லிங்குக்கும் எரிபொருள் தர வேண்டும். கியரில் கால் எடுத்தால் எரிபொருள் பூஜ்யம், பிரேக் தேய்மானமும் குறைவு, இன்ஜினோடு சுழலும் ஆல்டர்னேட்டர் பேட்டரியை இலவசமாக ஏற்றிக்கொள்ளும். தூரம் 300 மீட்டருக்குக் குறைவென்றால் துடுப்பை இழுத்துக் கியரில் இருங்கள்.

6. இரண்டுக்கும் நடுவிலான தூரம்

சாலையில் பெரும்பாலும் எதிர்ப்படுவது 300க்கும் 490க்கும் நடுவிலான தூரம்தான். உதாரணமாக 400 மீட்டர். இங்கே இரண்டையும் கலப்பதே சிக்கனம்: முதல் 265 மீட்டரைக் கோஸ்டிங்கில் கடந்து, கடைசி 135 மீட்டருக்குத் துடுப்பை இழுத்து இன்ஜினை இணைக்க வேண்டும். ஐட்லிங் செலவு இரண்டரை மி.லி.யோடு முடிந்துவிடும், பிரேக்கைத் தொடவே வேண்டியிருக்காது. முழுக்கக் கியரில் வந்திருந்தால் முதல் 100 மீட்டரை எரிபொருள் கொடுத்து ஓட்ட வேண்டியிருந்திருக்கும், அதற்கு நாலரை மி.லி. ஆகியிருக்கும்.

யாரும் மீட்டர் அளந்துகொண்டு ஓட்ட முடியாது. நடைமுறையில் செய்ய வேண்டியது, தொலைவில் தடை தெரிந்தவுடன் மெதுவாகக் கால் எடுப்பதும், பாதி தூரம் கடந்ததும் வேகமானியைப் பார்ப்பதும்தான். குறைய வேண்டிய வேகத்தில் பாதி அதற்குள் குறைந்திருந்தால் அப்படியே விடுங்கள். குறையவில்லை என்றால் துடுப்பை இழுங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. முதலில் கியரில் இருந்து, பிறகு கோஸ்டிங் செய்தால், வேகம் தேவைக்கு முன்பே குறைந்துபோய் மீண்டும் ஆக்சிலரேட்டரைத் தொட வேண்டியிருக்கும்.

7. இறக்கத்தில் எந்தச் சரிவு வரை

மேலே சொன்ன கார் 80இல் செல்லும்போது காற்றும் டயர்களும் சேர்ந்து அதைச் சுமார் 310 நியூட்டன் விசையால் பின்னிழுக்கின்றன. 100 மீட்டருக்கு 2.6 மீட்டர் இறங்கும் சரிவு இதை ஈடுகட்டிவிடும். அங்கே கோஸ்டிங் செய்தால் வேகம் கூடாமலும் குறையாமலும் 80இலேயே நிற்கும். அதைவிட மென்மையான நீண்ட இறக்கங்களே கோஸ்டிங்குக்கு மிகப் பொருத்தமான இடங்கள். அங்கே கியரில் இருந்தால் கார் சுணங்கும், ஓட்டுநரும் தம்மை அறியாமல் ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டே இறங்குவார்.

100 மீட்டருக்கு 4 மீட்டர் இறங்கும் சரிவில் நிலைமை வேறு. அங்கே கோஸ்டிங்கில் விட்டால் இந்தக் கார் மெல்ல மெல்ல மணிக்கு 108 கி.மீ.யை நோக்கிப் போகும். 80ஐத் தாண்டக் கூடாது என்றால் பிரேக்கை அழுத்திக்கொண்டே வர வேண்டும். ஒரு கிலோமீட்டருக்கு ஐட்லிங்கில் சுமார் 9 மி.லி. எரிபொருளும் போகும். அதே சரிவில் உச்ச கியரில் கால் எடுத்தால் இன்ஜினின் இழுப்பும் சரிவின் தள்ளலும் ஏறத்தாழச் சமமாகி, கார் 80இலேயே, ஒரு துளியும் செலவழிக்காமல் இறங்கும்.

அதைவிடச் செங்குத்தான நீண்ட இறக்கங்களில் சிக்கனத்தைப் பற்றி யோசிக்கவே கூடாது. கீழ்க் கியருக்கு மாறி இன்ஜின் பிரேக்கிங்கில் இறங்க வேண்டும், ஏனெனில் தொடர்ந்து அழுத்தப்பட்ட பிரேக் அளவுக்கு மீறிச் சூடாகிப் பிடிப்பை இழக்கும்.

8. அடிக்கடி நேரும் தவறுகள்

எல்லாவற்றிலும் பெரிய தவறு, கோஸ்டிங் இல்லாத காரில் கையால் நியூட்ரலுக்கு மாற்றி அதையே செய்ய முயல்வது. வசதியுள்ள காரில் ஆக்சிலரேட்டரைத் தொட்டவுடன் சரியான கியர் தானே இணைகிறது. நியூட்ரலில் அது ஓட்டுநரின் வேலை, அவசரத்தில் அதற்கு நேரம் இருப்பதில்லை. இன்னும் ஆபத்தானது ஓட்டத்தில் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைப்பது. ஓரிரு முறை அழுத்தியதும் பிரேக் உதவி தீர்ந்து பெடல் கல்லாகிவிடும். சாவியை இன்னும் திருப்பினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும்.

அடுத்தது, மூன்று நான்கு விநாடிக் கோஸ்டிங்குகளை எண்ணிக்கொண்டு மகிழ்வது. நெருக்கமான போக்குவரத்தில் முன்னால் செல்லும் காருக்கு மிக அருகே ஒட்டி ஓட்டினால் கிளட்ச் விலகியவுடனேயே பிரேக்கைத் தொட வேண்டிவரும். வேகத்தைச் சேமித்துவைத்துவிட்டு அடுத்த நொடியே பிரேக்கில் எரிப்பதில் லாபம் ஏதுமில்லை. எனக்குத் தெரிந்த ஒருவர் மைலேஜ் ஏறவில்லை என்று காரைப் பணிமனைக்கே கொண்டுபோய்விட்டார். ஒரு நாள் அவரோடு போய்ப் பார்த்தபோது, முன்காரோடு வைத்திருந்த இடைவெளியை இரட்டிப்பாக்கச் சொன்னதைத் தவிர வேறெதுவும் தேவைப்படவில்லை.

மூன்றாவது, ஹைப்ரிட் கார்களையும் மின்கார்களையும் இதே கணக்கில் பார்ப்பது. அங்கே கால் எடுத்தால் மோட்டார் வேகத்தை மின்சாரமாக்கிப் பேட்டரிக்கு அனுப்புகிறது. ஆகவே வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டிய இடத்தில் அது பெட்ரோல் காரின் எந்த வழியையும்விட மேலானது. ஆனால் பேட்டரிக்குப் போய் மீண்டு வரும் வழியில் ஒரு பகுதி இழக்கப்படுவதால், நிற்கத் தேவையில்லாத இடத்தில் மின்காரிலும் தடையின்றி உருளவிடுவதே சிக்கனம்.

9. பலனைச் சரிபார்த்தல்

உடனடி எரிபொருள் அளவு காட்டும் திரையை வைத்து முடிவுக்கு வராதீர்கள். 80இல் ஐட்லிங் கோஸ்டிங் செய்யும்போது அது 100 கி.மீ.க்கு 0.9 லிட்டர் என்று காட்டும். கியரில் கால் எடுத்தால் பூஜ்யம் காட்டும். இரண்டாவது எண் அழகாகத் தெரியும், ஆனால் அதற்கு முந்தைய 190 மீட்டரின் செலவு அதில் இல்லை.

ஒப்பீட்டுக்கு, நீங்கள் வழக்கமாகப் போகும் ஒரே பாதையில், ஒரே நேரத்தில், ஒரு வாரம் வசதியை இயக்கியும் ஒரு வாரம் அணைத்தும் ஓட்டுங்கள். சராசரி எரிபொருள், சராசரி வேகம் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். சராசரி வேகத்தைக் குறிப்பது அவசியம், ஏனெனில் கோஸ்டிங்கைக் கற்றவர்கள் மெதுவாக ஓட்டவும் தொடங்கிவிடுகிறார்கள், அதனால் கிடைத்த மிச்சத்தையும் கிளட்சின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். இரு வாரங்களின் சராசரி வேகமும் மணிக்கு இரண்டு கி.மீ.க்கு மேல் வேறுபட்டால் அந்த ஒப்பீட்டைத் தள்ளிவிட்டு மீண்டும் செய்யுங்கள். காரின் கணினி காட்டும் எண் சற்றுப் பிசகலாம் என்பதால், இயன்றால் ஒவ்வொரு முறையும் டாங்கை ஒரே பம்பில், முனை தானாக நிற்கும் வரை நிரப்பி, லிட்டரைக் கிலோமீட்டரால் வகுத்துப் பார்ப்பது இன்னும் நம்பகமானது.